மார்ச் 31-க்கு முன் வழங்குநரிடம் கணக்குக் கூற்றுக் கேட்டு மீதியை இணக்குதல்: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடனுக்குச் சரக்கு எடுத்து விற்கும் ஒரு கடையின் கணக்கைப் பார்ப்பவருக்காக இது எழுதப்படுகிறது. கொழும்பு வழங்குநர் ஒருவரிடம் கணக்குக் கூற்றுக் கேட்பது, அதை நம் பேரேட்டோடு ஒப்பிடுவது, மார்ச் 31ஆம் திகதிய கடன்கொடுத்தோர் மீதியை ஆவணங்களோடு நிலைநிறுத்துவது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். உதாரணத்துக்கு ஒரு ஹாட்வெயார் கடையையும் அதற்குப் பெயின்ட் அனுப்பும் நிறுவனத்தையும் எடுத்திருக்கிறேன். மருந்துக் கடைக்கும் புடவைக் கடைக்கும் வரிசை இதுவேதான்.

1. எந்தத் திகதிக்குக் கேட்பது, யார் யாரிடம் கேட்பது

முதல் கூற்றைப் பெப்ரவரி மாத முடிவுத் திகதிக்குக் கேளுங்கள். மார்ச் 31 வரை காத்திருந்து கேட்டால் ஏப்ரல் முதல் வாரத்தில்தான் கடிதம் போகும்; சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கொழும்பு அலுவலகங்கள் மூடிக் கிடக்கும்; பதில் கைக்கு வரும்போது மாதம் முடிந்துவிடும். பெப்ரவரி முடிவுக்குக் கேட்டால் வேறுபாடுகளைத் தீர்க்க மார்ச் மாதம் முழுவதும் கையிலிருக்கும். ஆண்டு முடிவில் அந்த ஒரு மாதத்து நடவடிக்கைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்தில் வரும் ஆண்டுகளில் காத்தான்குடி, கல்முனைப் பகுதிக் கடைகளில் கடைசி இரு வாரங்கள் வியாபாரத்துக்கே சரியாக இருக்கும் என்பதால், அங்குள்ளவர்கள் இதை மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

யாரிடம் கேட்பது என்பதில் புதியவர்கள் அநேகமாக ஒரே பிழையை விடுகிறார்கள். பேரேட்டில் பெரிய மீதி நிற்கும் வழங்குநர்களை மட்டும் தெரிந்தெடுத்து எழுதுகிறார்கள். ஆனால் பதியாமல் விடுபட்ட பில் எந்த வழங்குநரின் கணக்கில் இருக்கிறதோ, அந்தக் கணக்கின் மீதிதான் நம் புத்தகத்தில் சிறிதாகவோ பூச்சியமாகவோ தெரியும். எனவே மீதியின் அளவைப் பார்க்காமல், ஆண்டில் எவ்வளவு கொள்வனவு நடந்தது என்பதைப் பார்த்துப் பட்டியலிடுங்கள். ஆண்டு முழுவதும் தொடர்ந்து சரக்குத் தந்துவிட்டு இன்று பூச்சிய மீதி காட்டும் வழங்குநர் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நம் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதைப் பில்லின் தலைப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். டின்னில் கம்பனியின் பெயர் இருந்தாலும், பில் போடுபவர் மட்டக்களப்பிலுள்ள பிரதேச விநியோகஸ்தராக இருந்தால், கடன் அவருக்குத்தான். கூற்றையும் அவரிடமே கேட்க வேண்டும்.

2. கேட்பதற்கு முன் நம் பேரேட்டை முடித்து வைத்தல்

கூற்று வந்த பிறகு பேரேட்டை எழுதி முடிக்கலாம் என்று விடாதீர்கள். அவர்களுடைய கூற்றைப் பார்த்துக்கொண்டே நம் பதிவுகளை எழுதினால், அவர்கள் விட்ட பிழையும் நம் புத்தகத்துக்குள் வந்துவிடும்; பிறகு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில் எந்தச் சான்றும் இல்லை.

பெப்ரவரி கடைசித் திகதி வரை மூன்று கட்டுகளை முழுமையாகப் பதிந்து முடியுங்கள். முதலாவது, சரக்குப் பெற்ற குறிப்புகள். சரக்கு இறங்கியிருந்தும் பில் வராதவை இருந்தால் அவற்றைத் தனித்தாளில் எழுதிவையுங்கள். இரண்டாவது, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளும் வங்கிக்கு நேரே வைப்பிட்ட சீட்டுகளும். மூன்றாவது, திருப்பி அனுப்பிய சரக்குக்கான குறிப்புகள். மூன்றாவது கட்டு பல கடைகளில் ஒழுங்காக இருப்பதில்லை. கசிந்த டின்னைப் பிரதிநிதி தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வைப்பார். அந்தச் சீட்டுக் காசாளரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும். அதைத் தேடி எடுத்துத் திகதி, அளவு, பெறுமதியோடு வரிசைப்படுத்தாமல் கூற்றுக் கேட்கப் போவதில் பயனில்லை. ஏனென்றால் கிரெடிட் நோட் கோரும்போது நம் கையிலுள்ள ஒரே சான்று அந்தச் சீட்டுத்தான்.

3. பின்திகதியிட்ட காசோலைகளைத் தனியே பிரித்தல்

நம் பகுதியில் மீதிகள் பொருந்தாமல் நிற்பதற்கு முதற் காரணம் இது. சரக்கு இறங்கும்போதே முப்பது, நாற்பத்தைந்து அல்லது அறுபது நாள் தள்ளித் திகதியிட்ட காசோலையைப் பிரதிநிதியின் கையில் கொடுப்பது இங்கு வழக்கம். கொடுத்த அன்றே காசாளர் அதைக் கொடுப்பனவாகப் பதிந்துவிடுகிறார். முதலாளியும் கடன் முடிந்ததாகக் கருதுகிறார். ஆனால் காசோலையிலுள்ள திகதி வரும்வரை வங்கி அதற்குப் பணம் கொடுக்காது; அதுவரை கடன் கடனாகவே இருக்கிறது. முன்கூட்டியே பதிந்தால் கடன்கொடுத்தோர் மீதி குறைவாகவும், புத்தகத்திலுள்ள வங்கி மீதி இல்லாத அளவுக்குத் தாழ்ந்தும் தெரியும். வங்கிக் கணக்கிணக்கத்தில் ஏப்ரல், மே மாதத் திகதியிட்ட காசோலைகள் "சமர்ப்பிக்கப்படாதவை" என்று வரிசையாக நிற்பதைக் கண்டால், இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எனவே கூற்றுக் கேட்பதற்கு முன், கொடுத்த நாள், காசோலை இலக்கம், காசோலையிலுள்ள திகதி, தொகை, எந்தப் பில்லுக்கு என்ற ஐந்து விபரங்களோடு ஒரு பதிவேடு தயாரியுங்கள். கூற்றின் முடிவுத் திகதிக்குப் பிந்திய திகதியுள்ள காசோலைகளை மீண்டும் கடன்கொடுத்தோர் கணக்கில் சேருங்கள்.

வழங்குநர்களும் இதில் ஒரே முறையைக் கைக்கொள்வதில்லை. சிலர் காசோலை மாறிய பின்பே மீதியைக் குறைப்பார்கள். சிலர் கையில் வாங்கியவுடனேயே பற்றுச்சீட்டுப் போட்டுக் குறைத்துவிடுவார்கள். வேறு சிலர் மீதியை முழுதாகக் காட்டிவிட்டு, கீழே "கையிருப்பிலுள்ள காசோலைகள்" என்று தனியாகப் பட்டியலிடுவார்கள். அவர்களுடைய முறை எது என்று தெரியாமல் அவர்களின் மீதியை நம் மீதியோடு ஒப்பிட முடியாது. ஆகவே கடிதத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும்.

4. கடிதத்தை யாருக்கு அனுப்புவது

கூற்று, வழங்குநரின் கணக்குப் பிரிவிலிருந்து அல்லது கடன் வசூலைப் பார்க்கும் பிரிவிலிருந்து வர வேண்டும். விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால் அவர் தன் தொலைபேசியிலுள்ள நிலுவைப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பிவிடுவார். அந்தப் பட்டியலில் இன்னும் பணம் கட்டப்படாத பில்கள் மட்டும் இருக்கும். கட்டிய பில்கள், கொடுப்பனவுகள், கழிவுகள் எதுவும் இராது. அதோடு, காசோலையையும் திருப்பிய சரக்கையும் நம்மிடமிருந்து பெற்றுச் செல்பவர் அவரே. அவர் ஒப்படைத்தது பதிவாகியிருக்கிறதா என்பதைச் சரிபார்க்கும் வேலையை அவர் கையிலேயே கொடுப்பது முறையாகாது. இது அவர்மீதுள்ள சந்தேகத்தால் சொல்வதன்று. அவர் நேர்மையானவராக இருந்தால் இந்த முறை அவருக்கும் பாதுகாப்பு. கடிதம் அனுப்பும் செய்தியை அவருக்கும் தெரிவித்துவிடுங்கள். நினைவூட்டுவதற்கு அவர் உதவுவார்.

நம் பக்கத்தில் கடிதத்தில் கையொப்பமிட வேண்டியவர் உரிமையாளர் அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர். பெரிய நிறுவனங்கள் முன்பின் தெரியாத மின்னஞ்சல் முகவரிக்குக் கணக்கு விபரங்களை அனுப்புவதில்லை. எனவே கடையின் கடிதத் தலைப்பில் முத்திரையோடு எழுதி, அதை ஸ்கேன் செய்து, அவர்களிடம் பதிவாகியுள்ள மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள்.

5. கடிதத்தில் இருக்க வேண்டியவை

நம் புத்தகத்திலுள்ள மீதியைக் கடிதத்தில் எழுதாதீர்கள். "எங்கள் கணக்குப்படி 9,46,200 ரூபா, உறுதிசெய்யவும்" என்று எழுதினால், வேலை மிகுந்த அலுவலர் ஒருவர் சரிபார்க்காமலே "ஆம்" என்று பதிலனுப்பிவிடக்கூடும். தொகையைச் சொல்லாமல் கேட்டால் அவர் தன் கணக்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். நாம் வேண்டுவதும் அதுவே.

ஒரு மாதிரி:

> கணக்காளர் அவர்களுக்கு,
>
> ஐயா/அம்மணி,
>
> கணக்குக் கூற்றுக் கோரல் – வாடிக்கையாளர் இலக்கம் ..........
>
> மார்ச் 31ஆம் திகதியுடன் முடியும் நிதியாண்டுக்கான கணக்குகளை முடிக்கும் பொருட்டு, எமது கணக்கின் முழுக் கூற்றைக் கடந்த ஏப்ரல் 1ஆம் திகதி முதல் பெப்ரவரி 28ஆம் திகதி வரை அனுப்பி உதவுமாறு வேண்டுகிறோம். அதில் பின்வருவன அடங்கியிருத்தல் வேண்டும்:
>
> அ. ஏப்ரல் 1ஆம் திகதிய ஆரம்ப மீதி.
> ஆ. தீர்க்கப்பட்டவை உட்பட எல்லாப் பில்களும், அவற்றின் திகதியும் இலக்கமும் தொகையும்.
> இ. பெற்ற கொடுப்பனவுகள், காசோலை இலக்கத்துடனும், மீதி குறைக்கப்பட்ட திகதியுடனும்.
> ஈ. வழங்கிய கிரெடிட் நோட்கள், கழிவுகள், இலக்கு ஊக்கத்தொகைகள்.
> உ. திரும்பிய காசோலைகளும் அவற்றுக்கான கட்டணங்களும்.
> ஊ. தங்கள் வசமுள்ள பின்திகதியிட்ட காசோலைகளின் பட்டியல், அவை மேற்படி மீதியில் கழிக்கப்பட்டுள்ளனவா என்ற குறிப்புடன்.
> எ. எந்தப் பில்லுக்கும் ஒதுக்கப்படாமல் நிற்கும் கொடுப்பனவுகள்.
>
> கூற்றை மார்ச் 10ஆம் திகதிக்கு முன் இம்மின்னஞ்சலுக்கே அனுப்பினால் பேருதவியாக இருக்கும். மார்ச் மாதத்துக்கான கூற்றை ஏப்ரல் முதல் வாரத்தில் வேறாகக் கோருவோம்.
>
> இவ்வண்ணம்,
> ..........

கொழும்பு அலுவலகம் ஆங்கிலத்தில் வேலை செய்தால் இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆனால் ஏழு கோரிக்கைகளையும் இதேபோல் எழுத்திட்டுப் பிரித்தே கேளுங்கள். ஒரே பந்தியில் எழுதினால் முதலாவதற்கு மட்டும் பதில் வரும். நமக்கு வேறு ஊரில் கிளை இருந்து அதற்குத் தனி வாடிக்கையாளர் இலக்கம் இருந்தால், இரண்டு இலக்கங்களையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்து, பேசியவரின் பெயரையும் நாளையும் கடிதப் பிரதியின் ஓரத்தில் எழுதிவையுங்கள். கணக்காய்வாளர் பின்னர் கேட்டால் காட்டுவதற்கு அது உதவும்.

6. கூற்று வந்தவுடன் பார்க்க வேண்டியவை

வரிவரியாக ஒப்பிடத் தொடங்கும் முன், கூற்று நம்முடையதுதானா என்று பாருங்கள். கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் ஒரே பெயரில் முன்னொட்டு மட்டும் மாறிய கடைகள் பல உள்ளன. பெயரோடு வாடிக்கையாளர் இலக்கமும் முகவரியும் பொருந்த வேண்டும். நம் கொடுப்பனவு பெயரொத்த மற்றக் கடையின் கணக்கில் ஏறியிருப்பதும் நடக்கும். அது பின்னர் ஒப்பிடும்போது தெரியவரும்.

அடுத்து ஆரம்ப மீதி. சென்ற ஆண்டு முடிவில் இணக்கிய மீதியோடு அது பொருந்தாவிட்டால், இந்த ஆண்டு நடவடிக்கைகளை எவ்வளவு ஒப்பிட்டாலும் முடிவு மீதி பொருந்தாது. வேறுபாடு கடந்த ஆண்டிலிருந்து வந்தது. அதை முதலில் தீர்க்க வேண்டும். இறுதியாக, கூற்றின் கூட்டலை ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். கணினியில் தானாக அச்சான கூற்றில் பிழை அரிது. ஆனால் கேட்டதற்காக யாரோ கையால் தட்டெழுதித் தயாரித்த பட்டியலும் வருவதுண்டு.

7. ஒப்பிடும் வரிசை

பில்களிலிருந்து தொடங்குவதே எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. நான் கொடுப்பனவுகளிலிருந்து தொடங்குமாறு சொல்வேன். அவை எண்ணிக்கையில் குறைவு, காசோலை இலக்கம் இருபக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும், தொகையும் பெரிது. இருபது வரிகளை ஒப்பிட்டு முடித்ததும் வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும். அதன்பின் கிரெடிட் நோட்களையும் கழிவுகளையும் பாருங்கள். கடைசியாகப் பில்களுக்கு வாருங்கள்.

காசோலை இலக்கமில்லாத கொடுப்பனவுகளை விசேடமாகக் கவனியுங்கள். வழங்குநரின் வங்கிக் கணக்குக்கு இங்குள்ள கிளையிலிருந்து காசாக வைப்பிட்டும், கைத்தொலைபேசியிலிருந்து மாற்றியும் பணம் அனுப்பும்போது, குறிப்பில் வாடிக்கையாளர் இலக்கத்தை எழுதாவிட்டால் யார் அனுப்பியது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பணம் ஒதுக்கப்படாத தொகையாக அவர்களிடம் கிடக்கும். நம் பில்லோ நிலுவையில் தெரியும். வைப்புச் சீட்டின் பிரதியை அனுப்பினால் ஒரே நாளில் தீரும்.

பில்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால், கூற்றை எக்செல் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். நம் பில் இலக்கங்களை B நிரலிலும் அவர்களுடையவற்றை H நிரலிலும் இட்டு, பக்கத்து நிரலில் இதை எழுதுங்கள்:

```
=COUNTIF(H:H,B2)
```

விடை 1 என்றால் பில் இருபக்கத்திலும் உண்டு. 0 என்றால் அவர்களிடம் இல்லை. 2 என்றால் அவர்கள் பக்கம் இருமுறை பதிவாகியிருக்கிறது. பின்னர் மறுதிசையிலும் இதைச் செய்யுங்கள்; ஏனென்றால் நாம் பதியாமல் விட்ட பில் முதல் திசையில் தெரியவே தெரியாது. இலக்கத்துக்கு முன்னுள்ள எழுத்துகளையும் இடைவெளிகளையும் இருநிரலிலும் ஒரேமாதிரி ஆக்கிவிட்டுத்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். இலக்கம் பொருந்துவது தொகை பொருந்தியதாகாது. தொகைகளைத் தனியாகக் கழித்துப் பாருங்கள்.

8. ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்த்தல்

நம் ஹாட்வெயார் கடையின் பேரேட்டில் பெப்ரவரி 28ஆம் திகதி பெயின்ட் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியதாக 9,46,200 ரூபா நிற்கிறது. நிறுவனத்தின் கூற்று 12,84,500 ரூபா என்கிறது. வேறுபாடு 3,38,300 ரூபா. முதலாளி "அவர்கள் கூடப் போட்டிருக்கிறார்கள்" என்பார். பிரதிநிதி "உங்கள் கணக்கில் பில் விடுபட்டிருக்கும்" என்பார். மேலே சொன்ன வரிசையில் ஒப்பிட்டபோது ஐந்து காரணங்கள் வெளிப்படுகின்றன.

முதலாவது, மார்ச் 15ஆம் திகதியிட்ட 1,80,000 ரூபா காசோலை. பெப்ரவரி 3ஆம் திகதி பிரதிநிதியிடம் கொடுத்த அன்றே நம் காசாளர் அதைக் கொடுப்பனவாகப் பதிந்திருக்கிறார். நிறுவனம் காசோலை மாறிய பின்பே கழிக்கும் முறையைக் கைக்கொள்கிறது. இங்கே பிழை நம்முடையது.

இரண்டாவது, கொழும்பில் பெப்ரவரி 27ஆம் திகதி போட்ட 96,500 ரூபா பில். லொறி நம் கடை வாசலில் சரக்கை இறக்கியது மார்ச் 2ஆம் திகதி. கடையில் ஒப்படைக்கும்வரை சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு என்பதே இருவருக்குமிடையிலான ஏற்பாடு. ஆகவே பெப்ரவரி முடிவில் அது நம் கடனன்று. யாரும் பிழை விடவில்லை. நாள் தள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஜனவரியில் பிரதிநிதி திருப்பி எடுத்துச் சென்ற கசிந்த டின்களின் பெறுமதி 34,800 ரூபா. நாம் குறிப்பை வைத்துக் கழித்துவிட்டோம். நிறுவனம் இன்னும் கிரெடிட் நோட் வழங்கவில்லை.

நான்காவது, 54,000 ரூபா பில்லை நாம் 45,000 என்று பதிந்திருக்கிறோம். வித்தியாசம் 9,000. எஞ்சி நிற்கும் வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இப்படி இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகித்துத் தேடுவது நல்லது. அது உறுதியான சான்றாகாது, ஆனால் தேடும் நேரத்தைக் குறைக்கும்.

ஐந்தாவது, 18,000 ரூபா கழிவு. 30 நாட்களுக்குள் கட்டினால் ஐந்து வீதக் கழிவு என்பது நிபந்தனை. ஜனவரி 5ஆம் திகதிய 3,60,000 ரூபா பில்லுக்கு நாம் கழிவை எடுத்துக்கொண்டு 3,42,000 ரூபாவுக்குக் காசோலை எழுதினோம். ஆனால் காசோலையின் திகதி பெப்ரவரி 9. அதாவது 35ஆம் நாள். நிறுவனம் கழிவை ஏற்கவில்லை, அந்த 18,000 ரூபா அவர்கள் கூற்றில் அந்தப் பில்லின் எச்சமாக நிற்கிறது.

இனிக் கணக்கிணக்கக் கூற்றை இரு பக்கமாக எழுத வேண்டும். நம் பேரேட்டு மீதி 9,46,200. இதனோடு நாம் திருத்த வேண்டிய மூன்றையும், அதாவது காசோலை 1,80,000, பதிவுப் பிழை 9,000, கழிவு 18,000 ஆகியவற்றைக் கூட்ட 11,53,200 வருகிறது. மறுபக்கம் நிறுவனத்தின் மீதி 12,84,500. இதிலிருந்து வழியிலிருந்த சரக்கு 96,500, வழங்கப்படாத கிரெடிட் நோட் 34,800 ஆகியவற்றைக் கழிக்க அதே 11,53,200 வருகிறது. பெப்ரவரி முடிவில் நாம் கொடுக்க வேண்டிய தொகை இதுதான். நிறுவனத்தின் 12,84,500-உம் அன்று, நாம் எழுதியிருந்த 9,46,200-உம் அன்று.

இரு பக்கத்தையும் பிரித்து எழுதுவதற்குக் காரணமுண்டு. வேறுபாட்டை ஒரே பட்டியலாக எழுதினால், எதை நம் புத்தகத்தில் திருத்துவது, எதை அவர்களிடம் கேட்பது, எது தானாகவே தீரும் என்பது தெரியாது. 3,38,300 ரூபாவை ஒரே பதிவில் "வழங்குநர் வேறுபாடு" என்று போட்டு மீதியைப் பொருத்திவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் கிரெடிட் நோட் கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்திருப்போம். வராத சரக்குக்கும் கடன் ஏற்றிருப்போம்.

9. வேறுபாடுகளைத் தீர்த்தல்

நம் பக்கத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொதுத் தினசேட்டுப் பதிவு எழுதி, மூலப் பில்லையோ காசோலை அடிக்கட்டையின் பிரதியையோ இணையுங்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவுபெற்ற கடையானால், திருத்திய பில்லின் வரித்தொகையும் மாறுமா என்று உடனே பாருங்கள். வரிக் கணக்கு ஒருவழியாகவும் வழங்குநர் கணக்கு வேறுவழியாகவும் போய்விடக்கூடாது.

அவர்கள் பக்கமுள்ளவற்றுக்கு ஒரே மின்னஞ்சலில், பிரதிநிதி கையொப்பமிட்ட குறிப்பின் பிரதியோடு எழுதிக் கேளுங்கள். கிரெடிட் நோட்டின் திகதி முக்கியமானது. மார்ச் 31-க்கு முன் அது வழங்கப்பட்டால் இரு புத்தகங்களும் ஒரே ஆண்டில் பொருந்தும். ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால், அவர்கள் ஏற்றுக்கொண்டதைக் காட்டும் மின்னஞ்சலாவது நம் கோப்பில் இருக்க வேண்டும். "திருப்பியதை ஏற்கவில்லை" என்று அவர்கள் எழுத்தில் பதில் தந்தால், அந்த 34,800 ரூபாவை முதலாளியோடு பேசி நட்டமாகப் பதிவதா, தகராறாக வைத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டும்.

கழிவு விடயத்தில் நிபந்தனைப்படி அவர்களே சரி. ஆயினும் நீண்டகால வாடிக்கையாளருக்கு ஐந்து நாள் தாமதத்தை அவர்கள் மன்னிப்பதுண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அவர்கள் எழுத்தில் சம்மதிக்கும்வரை அந்தத் தொகையைக் கடனாகவே வைத்திருங்கள்.

இந்தக் கட்டத்தில் பிரதிநிதி ஒரு மீதி உறுதிப்படுத்தல் படிவத்தைக் கொண்டுவந்து கையொப்பம் கேட்கக்கூடும். அதில் 12,84,500 என்று அச்சிடப்பட்டிருந்தால் வெறுமனே கையொப்பமிடாதீர்கள். எழுத்தில் ஒப்புக்கொண்ட கடன் பின்னர் தகராறு வந்தால் நமக்கெதிரான சான்றாக நிற்கும். "எமது கணக்கின்படி 11,53,200 ரூபா, வேறுபாட்டு விபரம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, கணக்கிணக்கக் கூற்றின் பிரதியைச் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.

10. மார்ச் 31-க்குக் கொண்டுசெல்லுதல்

மார்ச் 31ஆம் திகதி மாலை, அன்று பயன்படுத்திய கடைசிச் சரக்குப் பெற்ற குறிப்பின் இலக்கத்தையும் கடைசிக் காசோலையின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி உரிமையாளரின் கையொப்பம் வாங்குங்கள். இருப்புக் கணக்கெடுப்பும் அதே எல்லையில் நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து சரக்கு வந்து சேர ஓரிரு நாள் எடுக்கும் நமக்கு, ஆண்டு முடிவில் இந்த எல்லைதான் அதிகம் குழப்பம் தருவது. மார்ச் 31 பிற்பகலில் இறங்கிய பெயின்டை இருப்பில் எண்ணிவிட்டு, அதன் பில்லை ஏப்ரலில் பதிந்தால், இருப்பு கூடிக் கடன் குறைந்து, அந்தப் பில்லின் முழுத் தொகையும் இல்லாத இலாபமாகக் கணக்கில் ஏறும். அதற்கு வரியும் கட்ட நேரும். இதற்கு எதிரிடையாக, பில் திகதி மார்ச் 30 என்பதற்காக ஏப்ரல் 2-இல் வந்த சரக்கின் பில்லைப் பதிந்து, சரக்கை எண்ணாமல் விட்டால் இலாபம் குறையும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மார்ச் மாதக் கூற்றைக் கேளுங்கள். பெப்ரவரி வரை இணக்கியாயிற்று என்பதால் இம்முறை முப்பத்தொரு நாள் வரிகளே இருக்கும். முன்னைய ஐந்தில் எவை தீர்ந்தன என்று முதலில் குறியுங்கள். நம் உதாரணத்தில் மார்ச் 15 காசோலை மாறியிருக்கும். வழியிலிருந்த சரக்கு மார்ச் 2ஆம் திகதிப் பதிவோடு தீர்ந்திருக்கும். கிரெடிட் நோட் மட்டும் நிலுவையில் இருக்கலாம். புதிதாக, மார்ச் 30ஆம் திகதியிட்டுப் பிரதிநிதியிடம் கொடுத்து ஏப்ரல் 2-இல் வங்கியிலிடப்பட்ட காசோலை போன்றவை வரும். திகதி மார்ச்சுக்குள் இருப்பதாலும், அன்றே கையைவிட்டுப் போனதாலும் அதை நாம் கொடுப்பனவாகக் காட்டுவது சரியே. அவர்கள் கூற்றில் அது ஏப்ரலில்தான் தெரியும்.

ஒரு வழங்குநருக்கு முற்பணம் கொடுத்து அவர் கணக்கு நமக்குச் சாதகமாக நின்றால், அதை மற்ற வழங்குநர்களின் கடனோடு கழித்து ஒரே தொகையாகக் காட்டாதீர்கள். அது நமக்கு வர வேண்டியது. நிதிநிலைமைக் கூற்றில் சொத்தின் பக்கம் தனியே நிற்க வேண்டும்.

கோப்பில் ஒவ்வொரு வழங்குநருக்கும் கோரிய கடிதம், வந்த கூற்று, கணக்கிணக்கக் கூற்று, திருத்தப் பதிவுகள், பதில் மின்னஞ்சல்கள் என்ற வரிசையில் அடுக்குங்கள். வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30-க்குள் போக வேண்டும் என்பதால் கணக்காய்வாளர் பல மாதம் கழித்தும் கேள்வி கேட்பார். ஜூன் மாத முடிவில் கோப்பை ஒருமுறை திறந்து, தீராமல் விட்ட ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அது தீர்ந்த திகதியை எழுதுங்கள். அதுவரையும் கிரெடிட் நோட் வராதிருந்தால், அடுத்த காசோலையை எழுதும் முன் கணக்குப் பிரிவுக்கு மீண்டும் கடிதம் அனுப்புங்கள்.